காட்சி சொல்லாததைத் தலைப்பு சொல்லலாமா?

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தேடித் தேடித் தாக்கப்படுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு சில வீடியோக்கள் வட மாநிலங்களெங்கும் பரவின. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள இரும்பு உருக்காலைகளைப் போல, வட மாநிலத்தவர் உழைப்பை நம்பி இயங்கும் தொழிற்பேட்டைகளுக்கு அந்த நாட்கள் சோதனையாகவே இருந்தன. ஊரிலிருந்து தாய் தந்தையர் பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தால், உலைக்கு அருகில் நிற்கும் இளைஞன், தன் கண்ணெதிரே ஒரு விபரீதமும் நடவாதபோதிலும், எந்த ஆதாரத்தைக் காட்டி அவர்களைச் சமாதானப்படுத்துவான்?

அப்போது தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்த சைலேந்திர பாபு, பரவிய வீடியோக்களில் இரண்டைக் குறிப்பிட்டு விளக்கம் அளித்தார். ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்கு இடையே முன்னரே நடந்த மோதல். மற்றொன்று, கோயம்புத்தூரில் உள்ளூர்வாசிகள் இருவருக்கு இடையே நிகழ்ந்த சண்டை. இந்த விளக்கத்தில் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அடிதடி மெய், அதைப் படம்பிடித்த கருவியும் பொய் சொல்லவில்லை. அடித்தவன் தமிழன், அடிபட்டவன் பீகாரி, காரணம் மொழித் துவேஷம் என்ற மூன்று செய்திகளும் காட்சிக்குள் எங்கும் இல்லாதவை. அவை சொற்களால் வெளியிலிருந்து ஏற்றப்பட்டவை. பாட்னாவில் நடித்து எடுக்கப்பட்டதாகப் பீகார்க் காவல்துறை கண்டறிந்த வீடியோ வேறு ஜாதி. அதில் காட்சியே கற்பனை. ஆனால் மெய்யான காட்சிக்குப் பொய்யான பெயர் சூட்டுவது அதனினும் சுலபம், அதனினும் கண்டுபிடிக்கக் கடினம் என்பதே என் அபிப்பிராயம்.

அந்த ஆண்டு ஹோலிப் பண்டிகை மார்ச் 8ஆம் தேதி வந்தது. பண்டிகைக்கு முன்பு வடக்கே செல்லும் ரயில்களில் கூட்டம் நிரம்பி வழிவது ஆண்டுதோறும் நாம் காணும் காட்சிதான். சென்னை சென்டிரல் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு நெருக்கியடித்து நிற்கும் ஜனங்களைப் படம்பிடித்து, “உயிருக்கு அஞ்சி ஓடும் தொழிலாளர்கள்” என்று ஒருவர் தலைப்பிட்டால், அதை அந்தப் படத்தைக் கொண்டே மறுக்கவும் முடியாது, நிரூபிக்கவும் முடியாது. கூட்டம் பிரத்தியட்சம், கூட்டத்தின் காரணமோ படத்தில் விழுவதில்லை. அச்சத்தால் சென்றவர் சிலர் அக்கூட்டத்தில் இருந்திருக்கலாம். அதையும் அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தால்தான் தலைப்பில் எழுதும் உரிமை பிறக்கும்.

ஆகவே, தவறாக வழிநடத்துவதாகவோ தரம் குன்றியதாகவோ புகார் எழுந்த ஒரு வீடியோவைப் பரிசீலிக்க அமர்பவர், முதலில் தலைப்பைப் படிக்கவே கூடாது. ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்த்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் ஒரு தாளில் எழுதவேண்டும்: இரண்டு ஆண்கள், ஒரு தெரு, பகல் வேளை, ஒருவன் கையில் கட்டை. பிறகு ஒலியோடு பார்த்து, யார் எந்த மொழியில் என்ன சொல்கிறார் என்பதைச் சேர்க்கவேண்டும். அதன் பின்னரே தலைப்பை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் அந்தத் தாளோடு ஒப்பிட்டு, ஆள், இடம், காலம், காரணம் என்ற நான்கில் எது காட்சியால் தாங்கப்படுகிறது, எது அந்தரத்தில் நிற்கிறது என்று பிரிக்கவேண்டும். கோவைச் சண்டையை இம்முறையில் பரிசீலித்திருந்தால், தாக்கப்பட்டவரின் மாநிலத்தைக் குறிக்கும் சொல்லுக்கே ஆதாரமில்லை என்பது முதற்பார்வையிலேயே புலப்பட்டிருக்கும். கடைப் பலகை, வண்டியின் பதிவெண், போலீஸ் சீருடையின் நிறம் ஆகியவை இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியங்கள். காலத்தை அறிய, வீடியோவிலிருந்து சில சட்டகங்களைப் படமாக எடுத்து இணையத்தில் படத்தைக் கொண்டே தேடினால், அதே காட்சி முன்பு வேறு தேதியில் வெளியாகியிருப்பின் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

தலைப்புக்கு யூடியூப் அனுமதிப்பது 100 எழுத்துகள், விவரக்குறிப்புக்கு 5,000. இடம் போதவில்லை என்று தலைப்பு முறையிடலாம், விவரக்குறிப்பு முறையிட முடியாது. காட்சியை எடுத்தவர் யார், எந்த நாளில், எந்த ஊரில், காவல்துறையின் விளக்கம் கேட்கப்பட்டதா என்பவை அங்கே இருக்கவேண்டும். அவற்றுக்குப் பதிலாகத் தலைப்பே மீண்டும் மூன்று முறை எழுதப்பட்டு, அதன்கீழ் ஊர்ப் பெயர்களும் தலைவர்களின் பெயர்களும் கோவையாகக் கொட்டப்பட்டிருந்தால், அதுவே தரக்குறைவின் லட்சணம். குறிச்சொற்களை விவரக்குறிப்பில் அள்ளிக் கொட்டுவதை யூடியூப் விதிகளும் தடை செய்கின்றன. “கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உடனே வேலை” என்று ஆண்டு குறிப்பிடாமல் ஒரு தலைப்பு நின்றுகொண்டிருந்தால், எடுத்த நாளில் மெய்யாயிருந்த அந்த வீடியோவும் நாளடைவில் பொய்யாகிவிடும். அதை நம்பிக் காலை மின்சார ரயிலேறி ஆலை வாசல் வரை வந்து திரும்புகிறவரின் ஒருநாள் கூலியைப் பற்றி, அதை வெளியிட்டவர் கவலைப்பட்டாக வேண்டும்.

குறிச்சொற்களின் சங்கதி வேறு. மொத்தம் 500 எழுத்துகளுக்குள் அடங்கவேண்டிய இவை பார்வையாளரின் திரையில் தோன்றுவதில்லை. பக்கத்தின் மூல நிரலைத் திறந்து தேடுபவருக்கே அகப்படும். வீடியோவைக் கண்டுபிடிக்கப்படச் செய்வதில் இவற்றின் பங்கு சொற்பமே, எழுத்துப் பிழையோடு தேடப்படும் பெயர்களுக்கே இவை உதவும் என்று யூடியூபே அறிவித்திருக்கிறது. ஆயினும் பரிசீலிப்பவர் இவற்றை அலட்சியம் செய்யலாகாது. தலைப்பு நிதானமாக இருந்து, உள்ளே மட்டும் கொலை, தாக்குதல், பீகாரி, தமிழ்நாடு என்ற சொற்கள் வரிசையாக நின்றால், வெளியிட்டவர் எந்தக் கூட்டத்தை எந்த மனநிலையில் அழைக்க எண்ணினார் என்பதை அவை உரைத்துவிடுகின்றன.

தலைப்போ முகப்புப் படமோ வாக்களிப்பது வீடியோவில் இல்லாதபோது, குறிப்பாக அன்றாடச் செய்திகளில், இந்தியாவில் கடுமையான நடவடிக்கை எடுக்கப்போவதாக யூடியூப் 2024 டிசம்பரில் அறிவித்தது. தொடக்கத்தில் தண்டனைப் புள்ளி விதிக்காமல் வீடியோவை மட்டும் நீக்குவதாகவும் கூறியது. இந்தச் சலுகையை நான் முழுமனதோடு ஏற்கவில்லை. அறியாமையால் பிழை செய்தவருக்கு அது நியாயம். அச்சத்தை விற்பவருக்கோ, வீடியோ நீக்கப்படுமுன் வந்து சேர்ந்த பார்வைகளே போதுமான லாபம்.

புகாருக்குப் பின் செய்யப்படும் திருத்தத்திலும் நேர்மை வேண்டும். தலைப்பை ஓசையின்றி மாற்றிவிட்டு, முகப்புப் படத்தில் பழைய சிவப்பு எழுத்துகளையும் மூல நிரலில் பழைய குறிச்சொற்களையும் விட்டுவைப்பது திருத்தமாகாது. எந்தச் சொல் தவறு, எந்நாளில் மாற்றப்பட்டது என்பதை விவரக்குறிப்பின் முதல் வரியில் எழுதவேண்டும், ஏனெனில் முழுதும் விரித்துப் பார்க்காதவருக்குக் கண்ணில் படுவது அந்தச் சில வரிகளே. பொய் காட்சியின் மேலேயே எழுத்தாகப் பொறிக்கப்பட்டோ, பின்னணிக் குரலாகப் பேசப்பட்டோ இருந்தால், தலைப்பைத் தொட்டுப் பிரயோஜனமில்லை. வெளியான வீடியோவில் ஒரு பகுதியை வெட்டலாம், மங்கலாக்கலாம். அதே முகவரியில் வேறு கோப்பை வைக்க யூடியூப் இடந்தருவதில்லை. வாட்ஸ்அப்பில் நகலாகச் செல்லும் வீடியோவோடு தலைப்பும் விவரக்குறிப்பும் செல்வதில்லை, பொறித்த எழுத்து மட்டுமே செல்கிறது. அத்தகையதை முழுவதுமாக நீக்கிவிட்டு, நீக்கியதற்கான காரணத்தை, அது எந்த மொழியில் பரவியதோ அந்த மொழியிலேயே, கும்மிடிப்பூண்டித் தொழிலாளியின் தாய்க்கும் விளங்கும் இந்தியிலோ போஜ்புரியிலோ, தனி வீடியோவாக வெளியிடவேண்டும்.