ஏற்றிவிட்டு ஏணியை ஆட்டுகிறவர்கள்

பதவி உயர்வுக் கடிதத்தில் வாழ்த்தையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு, அடுத்து வருகிற பத்தியை முதலில் படியுங்கள். ‘தாங்கள் இந்தப் பதவியில் இத்தனை மாதம் தகுதிகாண் பருவத்தில் இருப்பீர்கள்’ என்று அங்கே இருக்கும். பதினாலு வருசம் கிளார்க்காக இருந்தவர், எழுத்துத் தேர்வும் நேர்முகமும் முடித்து ஆபீசர் ஆகிறார். மறுநாளே அவர் மறுபடியும் ‘புரொபேஷனர்’.

“இதே பேங்க்ல பதினாலு வருசமாக் கெடக்கேன். இப்ப என்கிட்ட புதுசா என்னத்தப் பாக்கப் போறாங்களாம்?” என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. நிர்வாகத்துக்கு இப்படிக் கேட்க உரிமை உண்டா, உண்டென்றால் எது வரைக்கும்? இதை யூனியன் கூட்டங்களில்கூட நாம் நின்று பேசுவதில்லை. ‘ரூல்ல இருக்குப்பா’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ரூலில் என்ன இருக்கிறது என்று எடுத்துப் பார்க்கிற ஆள் குறைவு.

தகுதிகாண் பருவத்துக்கு இருக்கும் ஒரே நியாயம், முதலாளிக்கு ஆளைத் தெரியாது என்பதுதான். வெளியிலிருந்து வருகிறவன் நாணயமானவனா, வேலைக்கு வருவானா, கூட இருப்பவர்களோடு ஒத்துப்போவானா என்று பார்க்க அவகாசம் வேண்டும். ஆனால் உள்ளேயே இருந்து மேலே போகிறவரைப் பற்றி இதெல்லாம் ஏற்கனவே தெரிந்த சேதி. பதினாலு வருசத்து அறிக்கைகள் நிர்வாகத்தின் அலமாரியிலேயே இருக்கின்றன. தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் புது வேலை அவருக்கு வருமா? சோதனை அதைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் கட்சி. புது நாற்காலியைச் சோதிக்கலாம். பழைய வேலையைப் பணயமாக வைத்துச் சோதிக்கக் கூடாது.

இதை நான் என் ஆசைக்குச் சொல்லவில்லை. அரசே எழுதி வைத்த விதிகள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கின்றன. மத்திய அரசுப் பணியில், ஒரே பிரிவுக்குள் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போனால் தகுதிகாண் பருவமே கிடையாது. ‘பி’ பிரிவிலிருந்து ‘ஏ’ பிரிவுக்குப் போவது போல பிரிவே மாறினால்தான் அது உண்டு, பொதுவாக இரண்டு வருடம். வேலையின் தன்மை மாறினால் சோதனை, மாறாவிட்டால் இல்லை என்பதே இதன் பொருள்.

தொழிற்சாலைகளுக்கு 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டம் இருந்தது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து அதன் இடத்தைப் பிடிக்கும்வரை அதுதான் ஆண்டது. அதன் கீழிருந்த மத்திய மாதிரி நிலையாணைகளில் இதற்கென்றே ஒரு வரி உண்டு. நிரந்தரத் தொழிலாளி ஒருவர் புதுப் பதவியில் புரொபேஷனராக வைக்கப்பட்டால், அந்த மூன்று மாதத்துக்குள் அவரைப் பழைய நிரந்தரப் பதவிக்குத் திருப்பி அனுப்பலாம் என்றது அது. திருப்பி அனுப்பலாம், அவ்வளவுதான். வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்லவில்லை.

அரசுடைமை வங்கிகளின் 1979ஆம் ஆண்டு அதிகாரிகள் பணி ஒழுங்குவிதிகளிலும் இதே கோடு கிழித்திருக்கிறார்கள். நேரடியாக ஆபீசராக வருகிறவருக்கு இரண்டு வருடத் தகுதிகாண் பருவம், கிளார்க்கிலிருந்து உயர்கிறவருக்கு ஒரு வருடம். பயிற்சியைத் திருப்தியாக முடிக்கவில்லை என்று கருதினால் மேற்கொண்டு ஒரு வருடத்துக்கு மிகாமல் நீட்டிக்கலாம். கடைசியில் தகுதியில்லை என்று முடிவு செய்தால், நேரடியாக வந்தவரை ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியே அனுப்பலாம். உயர்ந்து வந்தவரைப் பழைய பதவிக்குத் திருப்பி அனுப்பலாம். ஒரே சொல்லுக்கு ஆளைப் பொறுத்து இரண்டு அர்த்தம் என்பதை விதியே ஒத்துக்கொள்கிறது.

ஆக, ‘நிர்வாகம் கேட்கலாமா?’ என்ற கேள்விக்கு என் பதில்: கேட்கலாம். விதியிலோ ஒப்பந்தத்திலோ அது முன்கூட்டியே இருக்க வேண்டும், வேலை உண்மையில் மாறியிருக்க வேண்டும், காலத்துக்கு ஓர் எல்லை வேண்டும், தோற்றால் பழைய இடம் காத்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லையென்றால் அதற்குப் பதவி உயர்வு என்று பெயர் வைக்காதீர்கள். நிரந்தர ஆளைத் தற்காலிக ஆளாக்குகிற தந்திரம் அது.

தனியார் கம்பெனிகளில் இந்தத் தந்திரம் நடக்கிறது. கடிதத்தில் ‘தகுதிகாண் பருவத்தில் ஒரு மாத நோட்டீசில் பணி முடிக்கப்படும்’ என்று அச்சடித்து வைத்திருப்பார்கள். புதிதாகச் சேர்கிறவருக்கான படிவத்தை அப்படியே எடுத்து, பத்து வருட ஊழியருக்கும் நீட்டிவிடுகிறார்கள். அவரும் சந்தோசத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். பதவி உயர்வால் சர்வீஸ் அறுந்துபோகாது; சேர்ந்த நாளிலிருந்தே கணக்கு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1947) பிரிவு 41, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. அந்த ஆறு மாதத்தை அவர் எப்போதோ தாண்டிவிட்டார். ஆனால் ஓர் இடறல் உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. மேலே ஏற ஏற சட்டத்தின் நிழல் சுருங்குகிறது. அதனால்தான் கையெழுத்துப் போடும் முன்பே ‘தேறாவிட்டால் பழைய பதவிக்குத் திருப்பப்படுவார்’ என்ற ஒரு வரியை எழுதி வாங்க வேண்டும்.

வங்கியிலும் நிழல் சுருங்குகிறது. 1953ஆம் ஆண்டு சாஸ்திரி தீர்ப்பாயம் கிளார்க்குகளுக்குச் சாதாரணமாக ஆறு மாதத் தகுதிகாண் பருவம் வைத்தது. நீட்டிக்க வேண்டுமானால் மூன்று மாதம்தான், அதுவும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, அவருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் ஒன்றும் சொல்லாவிட்டால் அவர் உறுதி செய்யப்பட்டதாகவே கருத வேண்டும் என்றது. அங்கே நிர்வாகத்தின் மௌனம் தொழிலாளி பக்கம். ஆபீசர் விதியிலோ மௌனம் நிர்வாகத்தின் பக்கம் சாய்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தோழர் 2022 ஜூலை 1 அன்று ஆபீசர் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2023 ஜூன் 30 அன்று ஒரு வருடம் முடிகிறது. உறுதி செய்தும் கடிதம் வரவில்லை, நீட்டித்தும் வரவில்லை. மேனேஜர் மட்டும் அவ்வப்போது, “உன் கன்பர்மேஷன் என் கையிலதான் இருக்கு” என்கிறார். தோழர் தானாக உறுதியாகிவிட்டாரா? இல்லை. இன்னும் ஒரு வருடம் நீட்டிக்க விதியில் இடம் இருப்பதால் அந்த மௌனம் மட்டும் அவரைக் காப்பாற்றாது. ஆனால் 2024 ஜூன் 30ம் தாண்டி அதே நாற்காலியில் வைத்திருந்தால் கதை வேறு. விதி உச்ச வரம்பு வைத்திருக்கும்போது அதற்கு மேலும் வேலை வாங்கினால் உறுதி செய்ததாகவே பொருள் என்று பஞ்சாப் ஆசிரியர்கள் வழக்கில், தரம் சிங் தீர்ப்பில், உச்சநீதிமன்றம் 1968இல் சொன்னது. இதுவும் எல்லா விதிக்கும் பொருந்துகிற மந்திரம் இல்லை. விதியின் வாசகம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று 2001இல் ஜாவர் வழக்கில் பிரித்துக் காட்டினார்கள். ஆகவே வாய்மொழியை நம்பாமல், முதல் வருடம் முடிந்த மறுவாரமே ‘என் நிலை என்ன?’ என்று எழுத்தில் கேட்டு, நகலில் தேதி முத்திரை வாங்கி வைத்திருக்க வேண்டும்.

அதே தோழரை 2023 நவம்பரில் கிளார்க்காகத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆபீசர் வேலை கைவரவில்லை என்பதற்காக என்றால் அது தண்டனை ஆகாது. 1957இல் ரயில்வே ஊழியர் திங்ராவின் வழக்கில், தற்காலிகமாகப் பார்த்த மேல்பதவியில் உரிமை கிடையாது, அங்கிருந்து திருப்புவது மட்டுமே தண்டனை ஆகாது என்றார்கள். ஆனால் ஒரு கடன் கோப்பில் காகிதம் காணவில்லை, இவர் மேல் சந்தேகம், அதற்கு விசாரணை வைக்காமல் ‘தகுதியில்லை’ என்று எழுதி இறக்கினால் அது வேறு. அடித்தளமே குற்றச்சாட்டு என்றால் அது தண்டனைதான். குற்றப்பத்திரிகை கொடுத்து, விசாரித்து, அவர் பக்கத்தைக் கேட்டாக வேண்டும். உத்தரவின் மொழி எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம் என்பதை 1974இல் சம்ஷேர் சிங் வழக்கு உறுதி செய்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: உத்தரவுக்கு முந்திய மூன்று நான்கு மாதங்களில் வந்த மெமோக்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். வேலையைப் பற்றிப் பேசுகின்றனவா, ஒரு சம்பவத்தைப் பற்றிப் பேசுகின்றனவா என்று தெரிந்துவிடும்.

இங்கேதான் நம் ஆட்களின் பிரச்சினை வருகிறது. ‘திருப்தி’ என்ற சொல்லை யார் எழுதுகிறார்கள்? இடஒதுக்கீட்டில் உயர்ந்தவர் நாற்காலியில் உட்காரும் முன்பே ‘கோட்டாவுல வந்தது’ என்று முத்திரை குத்தியாகிவிட்டது. ஒரு வருடம் முழுக்க அந்த முத்திரைக்கு ஆதாரம் தேடுகிறார்கள். அடுத்த மேசைக்காரர் தவறினால் பிழை, இவர் தவறினால் தகுதியின்மை. எதை வைத்து அளப்போம் என்பதை முதல் நாளே எழுதித் தராத எந்தச் சோதனையும் இப்படித்தான் போகும். எத்தனை நாள் பயிற்சி, என்னென்ன பொறுப்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுத்தில் குறை நிறை. யூனியன்கள் கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான்.

தகுதிகாண் பருவமே கூடாது என்று சில தோழர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கேஷ் கவுண்டரில் புலியாக இருந்தவருக்குக் கடன் ஒப்புதல் வராமல் போகலாம். திரும்பி வர வழி இல்லாவிட்டால் அவர் அங்கேயே தவறு மேல் தவறு செய்து, ஒரு நாள் குற்றப்பத்திரிகை வாங்கி, இரண்டு வேலையும் இழந்து நிற்பார். பழைய இடத்துக்குத் திரும்புகிற வழி நிர்வாகத்தின் ஆயுதம் மட்டுமல்ல, ஒழுங்காக எழுதினால் ஊழியரின் உரிமையும்கூட. பழைய சீனியாரிட்டியும் பழைய சம்பளமும் குறையாமல், எந்தக் கறையும் இல்லாமல் இறங்கி வரலாம் என்று தெரிந்தால், வெளியூர் மாற்றத்துக்கும் இந்த ஒரு வருட பயத்துக்கும் அஞ்சி பதவி உயர்வே வேண்டாமென்று எழுதிக் கொடுக்கிற நம் பெண்களும் ஆண்களும் துணிந்து மேலே போவார்கள்.

சோதிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அளவுகோலை மறைத்து வைத்துக்கொண்டு சோதிப்பதில்தான் ஆட்சேபணை.