எண்ணை மறைக்காதே, அளவையும் அச்சிடு

சாஸ், கெட்சப் பாட்டில்களின் சேர்பொருள் எண்கள் குறித்து, ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள எங்கள் நுகர்வோர் குழுவின் நிலைப்பாடு

பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்த பிறகு, நம் கிளைக் கூட்டங்களில் அடுத்த கேள்வி சாஸ் பாட்டிலைப் பற்றித்தான் வருகிறது. எந்த பிராண்டை வாங்கலாம் என்று பெயர்ப் பட்டியல் வெளியிட வேண்டும் என்பது ஒரு தீர்மானம். 211 என்ற எண் இருக்கும் எதையும் வாங்காதீர்கள் என்று துண்டறிக்கை அடிக்க வேண்டும் என்பது மற்றொன்று. செயற்குழு இரண்டையும் இப்போதுள்ள வடிவில் ஏற்கவில்லை. உடன்படாத உறுப்பினர்கள் இருக்கிறார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

பெயர்ப் பட்டியலை ஏன் ஏற்கவில்லை என்பதற்குக் காரணம் எளியது. ஒரே கம்பெனியின் கண்ணாடி பாட்டிலிலும், பிளாஸ்டிக் பவுச்சிலும், வெங்காயம் பூண்டு சேராத வகையிலும் சேர்பொருள்கள் வேறு வேறாக இருக்கலாம். ஒரே பாட்டிலிலும் கலவை மாறினால் லேபிள் மாறும். இன்று நாம் அச்சடிக்கும் பட்டியல் அடுத்த சரக்கு வரும்போதே பொய்யாகிவிடக் கூடும். பட்டியலைக் கொடுப்பதைவிட, கையில் இருக்கும் பாட்டிலைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே சரி என்று பெரும்பான்மை கருதுகிறது.

எண்களைப் பற்றி உறுப்பினர்களிடையே பரவியிருக்கும் ஒரு குழப்பத்தை முதலில் தீர்க்க வேண்டும். ஐஎன்எஸ் எண்களில் 100 வரிசை நிறங்கள், 200 வரிசை பெரும்பாலும் ப்ரிசர்வேட்டிவ்கள், 400 வரிசை கெட்டியாக்கும் பொருள்கள், 600 வரிசை சுவைகூட்டிகள். இதை மனப்பாடம் செய்தவர்கள் 260 என்ற எண்ணையும் ப்ரிசர்வேட்டிவ் கணக்கில் சேர்த்து, "இந்த பாட்டிலில் இரண்டு இருக்கிறது" என்று எழுதி அனுப்புகிறார்கள். 260 என்பது அசிட்டிக் அமிலம், வினிகருக்குப் புளிப்பைத் தருவது. அது இல்லாமல் கெட்சப் இல்லை. நம் விதிப்படி தக்காளி கெட்சப்பில் அமிலத்தன்மை, அசிட்டிக் அமிலமாகக் கணக்கிட்டால், குறைந்தது 1 சதவீதம் இருந்தாக வேண்டும். எண்களை எண்ணிக் கூட்டி மதிப்பெண் போடுவது ஒப்பீடு ஆகாது.

211 என்பது சோடியம் பென்சோயேட். புளிப்பான உணவில்தான் அது வேலை செய்யும். ஈஸ்ட்டையும் பூஞ்சையையும் வளர விடாது. தக்காளி சாஸுக்கு நம் நாட்டு விதிகளில் நெடுங்காலம் இருந்த வரம்பு, பென்சாயிக் அமிலமாகக் கணக்கிட்டு, கிலோவுக்கு 750 மில்லிகிராம். அந்த அளவுக்கு முழுதாகப் போட்டிருந்தாலும், ஒரு மேசைக்கரண்டி சாஸில், அதாவது 15 கிராமில், சுமார் 11 மில்லிகிராம்தான் வரும். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குப்படி ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2021-இல் இதைவிட நான்கு மடங்கு உயர்ந்த வரம்பை வைத்தது. ஆகவே சாஸ் மட்டும் தனியாக ஆபத்து என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. அதே குழந்தை அதே நாளில் குளிர்பானமும் ஜாமும் ஊறுகாயும் சேர்த்துச் சாப்பிட்டால் கணக்கு வேறாகலாம். அதனால் குழந்தைகள் உள்ள வீடுகளில் 211 உள்ளவற்றை அன்றாடம் அடுக்க வேண்டாம் என்ற அளவுக்கு மட்டும் குழு ஒருமித்திருக்கிறது.

இதற்கு மேல் போக மறுத்ததற்கு நம் பகுதியின் புழுக்கமும் ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளுமே காரணம். 1906-இல் அமெரிக்காவில் ஹெயின்ஸ் கம்பெனி பென்சோயேட் இல்லாத கெட்சப்பை விற்கத் தொடங்கியபோது, நன்கு பழுத்த தக்காளியோடு சர்க்கரையையும் வினிகரையும் கூட்டித்தான் அதைச் சாதித்தது. இன்றும் 'ப்ரிசர்வேட்டிவ் சேர்க்கவில்லை' என்று எழுதிய பாட்டிலைத் திறந்த பிறகு ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லி லேபிளிலேயே இருக்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், கடலோரப் புழுக்கத்தில், அந்த பாட்டில் சில நாளில் புளித்து வாயு கட்டும், மூடியைத் திறந்தால் சாஸ் பீய்ச்சும், கழுத்தில் வெள்ளைப் பூஞ்சை படரும். அப்படிப்பட்ட வீட்டிடம் "211 நஞ்சு" என்று துண்டறிக்கை கொடுத்து அதிக விலை பாட்டிலை வாங்கச் சொல்ல எங்களால் முடியாது.

அப்படியானால் எதைப் பார்த்து ஒப்பிடுவது? மளிகைக் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பாட்டில்களை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் தண்ணீர், தக்காளி பேஸ்ட் 28 சதவீதம், சர்க்கரை, உப்பு, 260, 1422, 415, 211 என்று வரிசை. இரண்டாவதில் தண்ணீர், சர்க்கரை, தக்காளி பேஸ்ட் 20 சதவீதம், அதன் பிறகு அதே எண்கள். எண்களை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் சேர்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதை நோக்கித்தான் எழுத வேண்டும் என்பது விதி. இரண்டாவது பாட்டிலில் சர்க்கரை தக்காளியைவிடக் கூடுதல் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. பேஸ்டில் திடப்பொருள் பொதுவாக 28 முதல் 30 சதவீதம். எனவே முதல் பாட்டிலின் நூறு கிராமில் தக்காளியின் திடப்பொருள் சுமார் 8 கிராம், இரண்டாவதில் 6 கிராமுக்குள். கெட்சப்பில் உப்பு நீங்கலாகக் கரைந்த திடப்பொருள் குறைந்தது 25 சதவீதம் வேண்டும் என்று விதி சொல்கிறது. மீதியில் பெரும்பங்கை நிரப்புவது சர்க்கரை. 1422 என்பது மாற்றம் செய்யப்பட்ட ஸ்டார்ச், 415 சாந்தன் கம். தக்காளி குறைந்த கலவைக்குக் கெட்டித்தன்மை கொடுப்பவை இவை. நஞ்சு அல்ல, ஆனால் எதற்குப் பதிலாக அவை வந்தன என்று கேட்க வேண்டும்.

சில்லி சாஸில் பார்க்க வேண்டியது நிறம். 102, 104, 110, 122, 124, 129 ஆகிய ஆறு நிறங்களில் எது இருந்தாலும், குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை 2010 முதல் ஐரோப்பாவில் லேபிளில் அச்சிட வேண்டும். இங்கே அந்த எச்சரிக்கை கிடையாது. ஒரே விலையில் இரண்டு சில்லி சாஸ் இருந்தால் இந்த எண்கள் இல்லாததை எடுங்கள். பர்மா பஜாரில் கிடைக்கும் வெளிநாட்டு பாட்டில்களில் எண்ணுக்கு முன்னால் ஆங்கில 'இ' எழுத்து இருக்கும், எண் அதேதான். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய் தடைக்குக் காரணமான ரோடமின்-பி உணவுக்கே அனுமதி இல்லாத சாயம் என்பதால் எந்த லேபிளிலும் வராது. அதை லேபிள் படித்துக் கண்டுபிடிக்க முடியாது, பரிசோதனை தேவை.

இனி, குழுவில் யாரும் விட்டுக்கொடுக்க மறுத்த விஷயம்.

லேபிளை ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ எழுதினால் போதும் என்கிறது விதி. தமிழ் விருப்பம்தான், கட்டாயம் அல்ல. திருவொற்றியூரில் காலை ஷிப்டுக்குப் போகும் முன் கடையில் நிற்கும் பெண்ணுக்கு அந்த லேபிளில் படிக்க முடிந்தது எண் மட்டுமே. 211 என்பதை யாரும் படிப்பார்கள். ஆனால் அந்த எண்ணும் கட்டாயம் இல்லை. பொருளின் வகையோடு அதன் பெயரையோ எண்ணையோ, இரண்டில் ஒன்றை எழுதினால் போதும். எண்ணைக் கண்டு மக்கள் முகம் சுளிக்கிறார்கள் என்பதற்காக எண்ணை எடுத்துவிட்டு, கேழ்வரகு அளவு எழுத்தில் ஆங்கிலப் பெயரை அச்சிட விதி இடம் கொடுக்கிறது. எங்களால் படிக்க முடிந்த ஒரே சொல்லையும் பறிக்கும் வழி அது. இதைக் கடுமையாகச் சொல்ல வேண்டாம் என்று சிலர் கேட்டார்கள். இதைவிட மென்மையாகச் சொல்ல வழி தெரியவில்லை.

அதைவிடக் கொடியது சாஷே. மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேல் இல்லாத பாக்கெட்டில் சேர்பொருள் பட்டியலே அச்சிட வேண்டாம். மொத்தப் பெட்டியில் இருந்தால் போதும். பெட்டி கடைக்காரரிடம் இருக்கும், பாக்கெட் நம் பிள்ளைகளின் கையில் இருக்கும். பெரிய பாட்டில் வாங்க முடிந்தவருக்கு எல்லாம் சொல்லப்படுகிறது, சில்லறைக்குச் சாஷே வாங்குபவருக்கு எதுவும் சொல்லப்படுவதில்லை. பணம் குறையக் குறையத் தெரிந்துகொள்ளும் உரிமையும் குறையும் என்பதை நாங்கள் ஏற்கவே மாட்டோம்.

எண் இருக்கும் லேபிளிலும் எவ்வளவு என்பது இல்லை. வரம்பில் பத்தில் ஒரு பங்கு போட்டவரும் முழு வரம்பைத் தொட்டவரும் ஒரே மாதிரி "211" என்றுதான் எழுதுகிறார்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அமோனியாவுக்குப் பயந்து பெரியகுப்பத்திலிருந்து ஓடிய மக்கள் நாங்கள். "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று மட்டும் சொல்லி அளவைக் காட்டாமல் விடுவது எங்களுக்குப் போதாது.

ஆகவே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்திடம் எங்கள் கோரிக்கை: ப்ரிசர்வேட்டிவுக்கும் நிறத்துக்கும் எண்ணைக் கட்டாயமாக்குங்கள், பக்கத்தில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று அச்சிடச் செய்யுங்கள், தமிழ்நாட்டில் விற்கும் சரக்கில் அதைத் தமிழிலும் எழுதச் செய்யுங்கள், சாஷேக்குத் தரும் விலக்கை சாஸ் வகைகளுக்கேனும் நீக்குங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை, ஐந்து லிட்டர் கேனிலிருந்து பெயரில்லாத பாட்டிலுக்கு மாற்றி ஊற்றும் துரித உணவுக் கடைகளையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் இவை நம் ஆட்களின் தள்ளுவண்டிகள் என்பதால் அபராதத்துக்கு முன் அறிவுறுத்தல் வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

சந்தேகம் வந்தால் உறுப்பினர்கள் சும்மா இருக்க வேண்டாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 40-ஆம் பிரிவு, கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்க வாங்குபவருக்கே உரிமை தருகிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் வாங்கினால் அந்த வழி அடைபட்டுவிடும். சரக்கு விதிக்கு மாறாக இருந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். லேபிளின் படத்தையும் தொகுதி எண்ணையும் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். கட்டணத்தைக் குழு நிதியிலிருந்து தர செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.