விளம்பரத்தில் எது கட்டாயம், எது ஆசை?

தொரப்பள்ளியைச் சுற்றியுள்ள நமக்கு ஓசூர்த் தொழிற்பேட்டை கூப்பிடு தூரம். ஆலைகளின் 'ஆட்கள் தேவை' விளம்பரங்களை நம் மாணவியர் ஆவலோடு படிக்கின்றனர். கேட்ட தகுதிகளில் ஒன்று குறைந்தாலும், 'நமக்கு இல்லை' என்று ஒதுங்கியும் விடுகின்றனர். அந்த ஒன்று உண்மையிலேயே கட்டாயமானதுதானா என்று பார்த்த பின்பே ஒதுங்க வேண்டும் என்பது நம் கருத்து.

இதைக் கற்க, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தட்டச்சர் பணிக்கு வெளியிடும் அறிவிக்கை நல்ல பாடம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம். அதில் சலுகை இல்லை. தட்டச்சில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை பெற்றவருக்கு முதலிடம். அவர்கள் கிடைக்காதபோது, ஒன்றில் முதுநிலையும் மற்றதில் இளநிலையும் பெற்றவருக்கும் இடமுண்டு. கணினிச் சான்றிதழோ, வேலையில் சேர்ந்தபின் தகுதிகாண் பருவத்துக்குள் பெற்றால் போதும். ஒரே அறிவிக்கையில், இன்றி அமையாதது, இருந்தால் முந்துவது, பின்னர் பெறத்தக்கது என மூன்று வகை! ஆனால் கட்டாயத் தகுதியை அறிவிக்கை நாளிலேயே பெற்றிருக்க வேண்டும்; 'தேர்வு முடிவு வரும்' என்பது செல்லாது.

தனியார் ஆலைகள் இவ்வாறு பிரித்துச் சொல்வதில்லை. நாமே பிரிக்க வேண்டும். தரப் பரிசோதகர் தேவை என்று ஒரு விளம்பரம் வருவதாகக் கொள்வோம். இயந்திரவியல் டிப்ளமோ, இரண்டாண்டு அனுபவம், வெர்னியர் அளவி பார்க்கும் பழக்கம், கன்னடம், இந்தி, ஆங்கிலம் என்று கேட்டுவிட்டு, 'புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். மூன்று ஷிப்டு' என்று முடிக்கிறார்கள்.

புதியவரையும் அழைப்பதால் அனுபவம் என்பது ஆசையே. பொருள்களை அளப்பதே அன்றாட வேலை. ஆகவே வெர்னியர் கட்டாயம். உடன் வேலை செய்வோரிடம் பேசிப் பழகினால் கன்னடம் வந்துவிடும். ஆனால் பெங்களூர் வாடிக்கையாளரிடம் பேசுவதே பணியென்றால் அதுவும் கட்டாயமே. கடைசியில் சிறிதாக எழுதிய 'மூன்று ஷிப்டு'தான் பெற்றோர் முதலில் கவனிக்க வேண்டியது. இரவு வேலைக்கு இயலாதவரை அங்கே அமர்த்த முடியாது. எழுத்தின் அளவோ வரிசையோ கட்டாயத்தைக் காட்டாது; செய்யப்போகும் வேலையே காட்டும்.

சட்டம் கேட்பதை ஒருபோதும் ஆசையென எண்ணலாகாது. செவிலியர் மன்றப் பதிவு இல்லாதவர் செவிலியர் ஆக முடியாது.

ஐயமிருந்தால் அலுவலகத்தில் கேட்கலாம்: "இது இல்லாதவரையும் நேர்முகத்துக்கு அழைப்பீர்களா, ஐயா?" இல்லாத தகுதியை இருப்பதாக எழுதுவது பொய். இல்லை என்று எழுதியே விண்ணப்பிப்பது பொய்யுமல்ல, துணிச்சலுமல்ல. தேர்ந்தெடுப்பதும் தள்ளுவதும் அவர்கள் வேலை. அதை அவர்களுக்கு முன்பே நாம் செய்துவிட வேண்டாம்.