60 ஆண்டில் செர்னோபில் சீசியம் மறைந்துவிடுமா?

1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது மண்ணில் படிந்தது சீசியம்-137. இதன் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டுகள். அப்படின்னா 60 ஆண்டில் எல்லாம் காலியாகிவிடுமா? இல்லை.

தொடக்கத்தில் 100 பங்கு இருந்ததாக வைத்துக்கொள்வோம். 2016-ல் 50 ஆனது. அடுத்த 30 ஆண்டில் அந்த 50-ல்தான் பாதி சிதையும். ஆக, 2046-லும் 25 பங்கு மிச்சமிருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 10 அரை ஆயுள், அதாவது சுமார் 300 ஆண்டுகள் ஆகும்.

சரி, இந்த சீசியம் எப்படி வந்தது? யுரேனியம் பிளந்ததால்தான். பிணைப்பு ஆற்றல் வரைபடத்தைப் பார்த்தால், யுரேனியத்தில் ஒரு துகளுக்கு சுமார் 7.6 மெகா எலக்ட்ரான் வோல்ட். சீசியத்தில் சுமார் 8.4. பிளந்த துண்டுகளில் துகள்கள் இன்னும் இறுக்கமாகப் பிணைகின்றன. அந்த வித்தியாசமே உலையின் வெப்பம். ஆனால், துண்டுகளில் நியூட்ரான் அதிகம். அதனால்தான் சீசியம் இன்னும் சிதைந்து, பேரியமாக மாறிக்கொண்டிருக்கிறது.