படத்தில் அளவியைக் கண்டால் முதலில் பூச்சியத்தைத் தேடுங்கள்



போன கிழமை எங்கள் கொக்குவில் ஒழுங்கையில் இருக்கும் உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி மாதிரி வினாத்தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் ஆய்வுகூடப் படம் ஒன்று. அளவி, குழாயி, கூம்புக் குடுவை, ஒடுக்கி என்று நான்கு பெயரையும் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். "சேர், இது சுகமான கேள்வி" என்றாள். அளவியில் நீர்மட்டம் எவ்வளவு என்று கேட்டேன். "7.90" என்றாள். சரியான விடை 6.10.

பெயர் தெரிந்த பிள்ளைக்கு ஏன் இது பிழைத்தது? வீட்டில் மருந்து அளக்கும் கிண்ணத்தில் இலக்கம் கீழிருந்து மேலே கூடும். அளவியில் பூச்சியம் மேலே இருக்கும், இலக்கம் கீழ்நோக்கிக் கூடும். உள்ளே மிஞ்சியது எவ்வளவு என்பதல்ல, திருகுபிடியால் வெளியே போனது எவ்வளவு என்பதுதான் அதில் தேவை. மட்டம் 6இற்கு ஒரு சிறு கோடு கீழே இருந்தது. அவள் 7இலிருந்து மேலே ஒன்பது கோடு எண்ணிவிட்டாள்.

இதை ஒரு புள்ளி போன கதை என்று விடாதீர்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரை வைத்துப் பார்ப்போம். சுண்ணாம்புக்கல்லின் ஊடாக வரும் தண்ணீர் இது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளை எல்லா வீட்டிலும் தெரியும். இந்த வன்மையை அளக்க 25 மில்லிலீற்றர் கிணற்றுத் தண்ணீரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, பிஎச் 10 அளவில் வைத்திருக்கும் தாங்கற் கரைசலையும் எரியோகுரோம் பிளாக் டீ காட்டியையும் சேர்ப்பார்கள். அளவியில் 0.01 மோலார் ஈடிடிஏ கரைசல். வைன் சிவப்பு நீலமாகும்வரை விடவேண்டும். இந்தச் செறிவில் ஒரு மில்லிலீற்றர் ஈடிடிஏ ஒரு மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமம். 6.10 செலவானால் லீற்றருக்கு 244 மில்லிகிராம். இலங்கைக் குடிநீர் நியமத்தின் எல்லை 250, ஆகவே தண்ணீர் தப்பியது. 7.90 என்று வாசித்தால் 316. அதே தண்ணீர், அதே கிணறு, முடிவு தலைகீழ்.

அந்த 25 மில்லிலீற்றரை எதால் அளந்தோம் என்பதும் முக்கியம். படத்தில் நடுவில் குமிழும் மேலே ஒரேயொரு கோடும் இருந்தால் அது குழாயி. ஒரு கோடு என்றால் ஒரே கனவளவு, ஆனால் திருத்தமாக. கூம்புக் குடுவையிலும் 25, 50 என்று கோடுகள் தெரியும். பிள்ளைகள் அதை நம்பிவிடுகிறார்கள். அவை ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து கூடக்குறையக் காட்டும் கோடுகள். அந்த ஐந்து போதும், 244ஐ 250இற்கு மேலே தள்ளிவிட. அந்தக் குடுவையின் வேலை அளப்பதல்ல, சிந்தாமல் சுழற்றிக் கலப்பது. அதற்குத்தான் அகன்ற அடியும் ஒடுங்கிய கழுத்தும்.

கழுவுவதும் இந்த வேலையைப் பொறுத்ததே. அளவியை ஈடிடிஏயாலும் குழாயியைக் கிணற்றுத் தண்ணீராலும் கடைசியாக அலசவேண்டும், உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் கரைசலை ஐதாக்காதபடி. குடுவையை வடித்த நீரால் மட்டும் அலசவேண்டும். கிணற்றுத் தண்ணீரால் அலசினால் 25இற்கு மேலே களவாகக் கொஞ்சம் சேர்ந்துவிடும். குழாயியின் நுனியில் கடைசியாக நிற்கும் துளியை ஊதித் தள்ளவும் கூடாது. அந்தத் துளியை விட்டுத்தான் கோடு போட்டிருக்கிறார்கள்.

அந்த வடித்த நீரைத் தருவது நான்காவது பொருள். கண்ணாடிக் குழாய்க்குள் இன்னொரு குழாய், பக்கத்தில் இரண்டு சிறு வாய்கள் என்றால் ஒடுக்கி. உள்ளே நீராவி, வெளியே குளிர்நீர், இரண்டும் கலப்பதில்லை. குளிர்நீர் கீழ்வாயால் ஏறி மேல்வாயால் போகவேண்டும். மாறிக் கொடுத்தால் வெளிக்குழாய் நிரம்பாது, ஆவியில் ஒரு பங்கு ஒடுங்காமலே தப்பிவிடும். படத்தில் இறப்பர்க் குழாய் எந்த வாயில் இருக்கிறது என்று பார்த்தால் பொருத்தியது சரியா என்று சொல்லிவிடலாம்.

என் அபிப்பிராயம் இதுதான். படத்தைக் காட்டிப் பெயரை மட்டும் கேட்கும் கேள்வி அரைக் கேள்வி. தமிழ்நாட்டுக் காணொளிகளில் பியூரெட், பிப்பெட் என்கிறார்கள், நாங்கள் அளவி, குழாயி என்கிறோம். பெயர் மாறும், பூச்சியம் இருக்கும் இடம் மாறாது. ரியூசனில் படிப்பிக்கும் தம்பி தங்கைமாரே, பெயருக்கு ஒரு புள்ளி கொடுத்தால் "எத்தனை கோடு, பூச்சியம் எங்கே, எந்த வாயால் உள்ளே போகும்" என்பதற்கு மூன்று புள்ளி கொடுங்கள். பெற்றோரே, பிள்ளை உண்மையான அளவியின் திருகுபிடியைத் திறந்து பார்த்திருக்கிறதா என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பிள்ளை 7.90ஐ வெட்டி 6.10 என்று எழுதிவிட்டு, "அப்ப எங்கட கிணறு எவ்வளவு சேர்?" என்று கேட்டாள். ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.