கையெழுத்துக்கு முன் கணக்கைப் பாருங்கள்

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் நம் சகோதரர்கள் பலர், கடைசி வாரத்தில்தான் ஏமாறுகிறார்கள். பெட்டி கட்டும் அவசரத்தில் நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதில் ஒன்று, பணி அனுமதியை ரத்து செய்வதற்கான படிவம். 'எனக்குச் சேர வேண்டியதை எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்ற வாசகமும் அதில் இருக்கும். பணம் கைக்கு வருமுன் இதில் கையெழுத்திட்டால், பிறகு புகார் செய்யும்போது அதையே நமக்கு எதிரான சான்றாகக் காட்டுவார்கள்.

2022 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்த 14 நாட்களுக்குள் சம்பள பாக்கியையும் மற்ற பணப்பயன்களையும் முதலாளி கொடுத்துவிட வேண்டும். எவ்வளவு வர வேண்டும் என்பதை நாமே கணக்கிடலாம். ஒருவருக்கு மொத்தச் சம்பளம் 2,000 திர்ஹம், அதில் பேசிக் 1,200, சம்பளமில்லா விடுப்பு நாட்கள் போக ஏழு ஆண்டுகள் வேலை செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணிக்கொடை பேசிக் சம்பளத்தின் மீதுதான் கணக்கிடப்படும். 1,200ஐ 30ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 40 திர்ஹம். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் வீதம் 105 நாள். அது 4,200 திர்ஹம். அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 30 நாள் வீதம் 60 நாள், அது 2,400. ஆக 6,600 திர்ஹம். எடுக்காத விடுப்பு 15 நாள் இருந்தால், அதற்கும் பேசிக் கணக்கில் 600. கடைசி மாதச் சம்பளம் 2,000. மொத்தம் 9,200 திர்ஹம்.

இதில் இரண்டு இடங்களில் கணக்கு தவறுகிறது. ஏழு ஆண்டுகளுக்கும் 21 நாள் என்றே போட்டால் 720 திர்ஹம் குறைந்துவிடும். சம்பளமில்லா விடுப்பு நாட்கள் சேவைக் காலத்தில் சேராது என்பதைச் சாக்காக வைத்து, சம்பளத்துடன் எடுத்த விடுப்பையும் கழித்துவிடுவார்கள். பழைய சம்பளச் சீட்டுகளும் விடுப்புத் தாள்களும் கையில் இருந்தால்தான் இதைச் சுட்டிக்காட்ட முடியும்.

விமான டிக்கெட் இந்தக் கணக்கில் சேராது, அது தனி. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புபவருக்கு முதலாளியே பயணச் செலவை ஏற்க வேண்டும். அங்கேயே வேறு முதலாளியிடம் சேர்ந்தாலோ, தொழிலாளியின் தவறால் வேலை முடிந்தாலோ அந்தக் கடமை இல்லை. டிக்கெட் விலையைப் பணிக்கொடையில் கழித்துத் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பணம் வரவில்லை என்றால், ஊருக்கு விமானம் ஏறுமுன் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் பதியுங்கள். 50,000 திர்ஹம் வரையிலான வழக்குகளில் அமைச்சகமே முடிவு சொல்லும் அதிகாரம் பெற்றிருக்கிறது. வேலை முடிந்து இரண்டு ஆண்டுகள் வரை உரிமை கோரலாம். ஆனால் ஊருக்கு வந்தபின் இங்கிருந்து வழக்கை நடத்துவது கடினம்.

ஊரில் இருக்கும் குடும்பத்தாரும் 'எப்போது வருகிறீர்கள்?' என்று அவசரப்படுத்தாமல், 'கணக்கு முடித்துவிட்டார்களா, பணம் வங்கியில் ஏறிவிட்டதா?' என்று முதலில் கேட்கட்டும். ஏழு ஆண்டு உழைப்பின் கூலி அது.