சுருள்முடி சொல்லும் பொய்ச்சாட்சி

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கூலிமைத் தாண்டிப் போனால் பாலிங் வரும். அங்கே லுபுக் லெகோங்கில் கென்சியு மக்கள் வாழ்கிறார்கள். கெடா மாநிலத்துப் பூர்வகுடியினர். கறுத்த மேனி, சுருண்ட முடி. பார்த்துவிட்டு வரும் நம்மவர்கள் சட்டென்று ஒரு தீர்ப்புச் சொல்வார்கள்: "அவங்க ஆப்பிரிக்க இனம்தான், பார்த்தாலே தெரியுதே."

கண்ணை நம்பி இனம் பிரிக்கும் இந்தப் பழக்கம் படித்தவர்களிடமிருந்தும் வந்ததுதான். 1906இல் ஸ்கீட், பிளாக்டன் இருவரும் தீபகற்பத்துப் பழங்குடிகளைப் பற்றி எழுதிய பெருநூல் முடியை அளவுகோலாக வைத்தது. சுருள்முடி என்றால் செமாங், அலைமுடி என்றால் சக்காய், நேர்முடி என்றால் ஜாகூன். கென்சியு மக்கள் முதல் பெட்டிக்குள் போனார்கள்.

2009இல் ஆசியாவின் எழுபதுக்கும் மேற்பட்ட மக்கள் குழுக்களின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வில் கென்சியு, ஜஹாய் மக்களும் இருந்தார்கள். அவர்கள் ஆசியக் கிளையில்தான் வந்து அமர்ந்தார்கள். ஆப்பிரிக்கரிடமிருந்து கென்சியு இருக்கும் தூரமும், நம் ஊர் ஹொக்கியன் கடைக்காரர் இருக்கும் தூரமும், தோட்டத்துத் தமிழர் இருக்கும் தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். தோல் நிறத்தை முடிவுசெய்வது மரபணுத் தொகுதியின் மிகச் சிறிய பகுதி. அதிலும் வெயில் கடுமையான நாடுகளில் ஒரே தேவை ஒரே நிறத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. உறவைக் காட்ட இதைவிட மோசமான சாட்சி கிடைக்காது.

ஆனால் கென்சியு பற்றிய தவறு சிறியது. அதற்கு அடியில் கிடக்கும் "ஆப்பிரிக்கர் ஓர் இனம்" என்ற நம்பிக்கைதான் பெரிய தவறு.

மனிதர்கள் சுமார் 3 லட்சம் ஆண்டுகளாக ஆப்பிரிக்காவில் வாழ்கிறார்கள். மரபணு எழுத்துகளில் சிறு மாற்றங்கள் தலைமுறைக்குத் தலைமுறை சேரும்; அங்கே அவை நீண்ட காலம், பெரிய மக்கள்தொகைக்குள் சேர்ந்தன. ஏறக்குறைய 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு கூட்டம் வெளியேறியது. நவதானிய மூட்டையிலிருந்து அள்ளிய ஒரு பிடி போல, இருந்த வகைகளில் சிலவே அவர்களோடு போயின. அந்தப் பிடியிலிருந்து இன்னொரு பிடி தெற்காசியா தாண்டியது, அதிலிருந்து ஒன்று கடைசியில் அமெரிக்கா சேர்ந்தது. 2005இல் சோஹினி ராமச்சந்திரனும் உடன் ஆய்வாளர்களும் உலகின் 53 மக்கள் குழுக்களை எடுத்து, அடிஸ் அபாபாவிலிருந்து தரைவழித் தூரத்தைக் கணக்கிட்டார்கள். தூரம் கூடக் கூட மரபணு வேறுபாடு சீராகக் குறைந்தது. வெளியே போனவர்களுக்கு நியாண்டர்தால் கலப்பில் சுமார் இரண்டு விழுக்காடு கிடைத்தது உண்மை. இழந்ததை அது ஈடுகட்டவில்லை.

2010இல் கலஹாரி வேட்டைக்குடியினர் சிலரின் மரபணுத் தொகுதியும் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவினுடையதும் படிக்கப்பட்டன. ஓர் ஐரோப்பியரையும் ஓர் ஆசியரையும் ஒப்பிட்டால் சராசரியாக ஆயிரம் எழுத்துக்கு 1 வேறுபட்டது. கலஹாரியின் இரண்டு வேட்டைக்காரர்களை ஒப்பிட்டால் 1.2. வெளியார் கண்ணுக்கு அந்த இருவரும் ஒரே அச்சு! மேலும், அவர்கள் சார்ந்த சான் கிளை மற்ற மனிதர்களிடமிருந்து பிரிந்த பிறகுதான், மேற்கு ஆப்பிரிக்க யொரூபாவின் முன்னோரும் நம் முன்னோரும் பிரிந்தார்கள். வம்சாவளிப்படி யொரூபாக்காரருக்குச் சான் தூரத்துச் சொந்தம், நாம் கிட்டத்துச் சொந்தம். ஆப்பிரிக்கர் எல்லோரையும் ஒரு பெட்டியில் போட்டு நம்மை மட்டும் வெளியே நிறுத்த மரபணுவில் வழியே இல்லை.

இதற்கு ஒரு கெட்டியான மறுப்பு உண்டு. மரபணுவின் பல நூறு இடங்களைச் சேர்த்துப் பார்த்தால், ஒருவரின் முன்னோர் எந்தக் கண்டத்தவர் என்று கணினி சொல்லிவிடுகிறதே? சொல்லும். 2003இல் எட்வர்ட்ஸ் இதைச் சுட்டிக்காட்டியது சரிதான். ஆனால் எத்தனை குழு வேண்டும் என்று கேட்பவர்தான் சொல்ல வேண்டும். 2002இல் ரோசன்பெர்க் குழுவினர் ஐந்து கேட்டபோது கண்டங்கள் வந்தன. ஆறு கேட்டபோது ஆறாவதாக வந்தது பாகிஸ்தானின் சித்ரால் பள்ளத்தாக்குகளில் வாழும் சில ஆயிரம் கலாஷ் மக்கள். ஐந்தை இனம் என்பவர் கலாஷையும் மனிதகுலத்தின் ஆறாவது இனமாக ஒப்புக்கொள்ள வேண்டும். யாரும் ஒப்புக்கொள்வதில்லை, ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நம் நாட்டுப் பாரங்களில் மலாய், சீனர், இந்தியர், லாயின்-லாயின் என்று கட்டம் இருக்கிறது. அதை வைத்து உரிமை கேட்கலாம், ஒதுக்கீட்டுக்குச் சண்டை போடலாம், அது அரசியல். இரத்தத்தைச் சாட்சிக்கு இழுப்பதுதான் அபத்தம். 1871 நீரிணைக் குடியேற்றங்களின் கணக்கெடுப்பில் அச்சே, பூகிஸ், போயான் மக்களைப் போலவே ஜாவி பெக்கான்களுக்கும் தனி வரி இருந்தது. பினாங்கில் தமிழ் முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தவர்கள் அவர்கள். 1891இல் ஆறு பெருந்தலைப்புகள் வந்தன. இப்படிப்பட்ட வரிகளெல்லாம் அவற்றின் கீழே அடுக்கப்பட்டன. இடைப்பட்ட இருபது ஆண்டுகளிலும் அவர்களுக்குப் பிள்ளைகள் அதே தெருக்களில், அதே குடும்பங்களில்தான் பிறந்துகொண்டிருந்தார்கள்.